ஒன்பது வருஷ வாடகை வண்டிக்கு அப்புறம் ஒரு டாக்ஸி டிரைவர் தன் முதல் காரை எப்படி தேர்ந்தெடுத்தாரு: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சென்னை புறநகர்ல சின்னதா ஒரு கார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். வர்றதுல பாதிக்கு மேல மஞ்சள் போர்டு வண்டிதான். அதுல ஒரு டிரைவர் அண்ணன் 2024-ல சொந்தமா வண்டி எடுத்தாரு, தேடுனதுல ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஓட்டி முடிச்ச வரைக்கும் கூடவே இருந்து பாத்ததால அவரோட சம்மதத்தோட இதை எழுதுறேன். பேரு ஊரு எதுவும் போடல. கணக்கு எல்லாம் அவரு நோட்டுல இருந்ததுதான், படிக்க சுலபமா இருக்கணும்னு நூறு ரூபா அளவுல முழுசாக்கிருக்கேன்.

பின்னணி

அண்ணனுக்கு நாப்பதுக்கு மேல வயசு. 2015-ல இருந்து ஒரே ஓனர்கிட்ட எட்டியோஸ் டீசல் வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டு இருந்தாரு. நாள் வாடகை கடைசில 900 ரூபா வரைக்கும் வந்துடுச்சு. டீசல், பஞ்சர், வாட்டர் வாஷ் எல்லாம் டிரைவர் செலவு, சர்வீஸ், இன்சூரன்ஸ், எஃப்சி ஓனர் செலவு. மாசத்துல ரெண்டு நாள் லீவு போக 28 நாள் வாடகைனு வச்சா 25,200 ரூபா. சவாரி கிடைக்குதோ இல்லையோ வண்டி இவரு வீட்டு வாசல்ல நின்னா அன்னைக்கு வாடகை உண்டு.

இவரு ஆப்பை நம்பி மட்டும் ஓட்டுற ஆள் இல்ல. வருஷக்கணக்கா சேத்து வச்ச கஸ்டமர்தான் பெரிய பலம். கொல்கத்தா, வடகிழக்கு, பங்களாதேஷ் பக்கம் இருந்து கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரிகளுக்கு வர்ற நோயாளிங்க, அவங்களை ஏர்போர்ட்ல பிக்கப் பண்ணி லாட்ஜ்ல விட்டு, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் வெயிட் பண்ணி, ஊருக்கு திரும்புறப்போ மறுபடி ஏர்போர்ட். உடைஞ்ச ஹிந்தியும் கொஞ்சம் பெங்காலியும் பேசுவாரு, அதனாலேயே ஒரு குடும்பம் அடுத்த குடும்பத்துக்கு நம்பரை குடுத்துடும். ஒரு நாள் முழுக்க வேலை இருந்தாலும் ஓட்டம் கம்மி, மாசத்துக்கு 3,000 கிலோமீட்டர் கிட்டதான் வரும். இந்த நம்பரை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி எல்லா முடிவும் இதுல போய்தான் நிக்குது.

2024 தொடக்கத்துல வாடகை ஓனர் வண்டியை விக்கப் போறதா சொல்லிட்டாரு. அண்ணன்கிட்ட சீட்டு எடுத்த காசு 2 லட்சம், சேமிப்பு 80,000. அப்பதான் சொந்த வண்டி பேச்சே வந்துச்சு.

அப்போ முன்னாடி இருந்த வழிகள்

அவரு மச்சான் புது டிசையர் டூர் எஸ் சிஎன்ஜி எடுக்கச் சொன்னாரு. புது வண்டி, ரெண்டு வருஷம் எஃப்சி கவலை இல்ல, கேஸ் செலவு கம்மினு அவரு சொன்னது எல்லாமே நியாயமான காரணம்தான். ரெண்டாவது வழி, மூணு நாலு வருஷம் ஓடுன செகண்ட் ஹேண்ட் சிஎன்ஜி டிசையர். மூணாவது, அண்ணன் மனசுல இருந்த பழைய எட்டியோஸ் டீசல். எட்டியோஸ் தயாரிப்பு 2020-லயே நின்னுடுச்சு, அதனால கிடைக்கிறது எல்லாமே குறைஞ்சது நாலு வருஷம் ஆன வண்டிதான்.

அண்ணனுக்கு எட்டியோஸ் மேல இருந்தது வெறும் பழக்கம்னு மச்சான் நினைச்சாரு. எனக்கு அப்படி தோணல. ஆஸ்பத்திரிக்கு வர்ற குடும்பம்னா மூணு பேரு, ரெண்டு பெரிய சூட்கேஸ், ஒரு அரிசி மூட்டை சைஸ் பை, சில சமயம் மடக்குற வீல்சேர். எட்டியோஸ் டிக்கி 595 லிட்டர், இது எல்லாத்தையும் முழுங்கிடும். சிஎன்ஜி டிசையர்ல டிக்கில பாதிக்கு மேல சிலிண்டரே படுத்திருக்கும், வீல்சேரை மேல கேரியர்லதான் கட்டணும். மழைல கேரியர்ல கட்டுன பெட்டிக்கு என்ன ஆகும்னு ஏர்போர்ட் டிரைவருங்களுக்கு தெரியும்.

கணக்கு போட்டது

நாங்க ரெண்டு பேரும் ஒர்க்‌ஷாப்ல உக்காந்து ஒரு நோட்டுல எழுதுனோம்.

புது சிஎன்ஜி ஆன்ரோடு 8.75 லட்சம்னு கொட்டேஷன் வந்துச்சு. 2 லட்சம் கட்டுனா மீதி 6.75 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, அஞ்சு வருஷம், ட்யூ 14,700. இன்சூரன்ஸ், பர்மிட் செலவெல்லாம் மாசத்துக்கு பிரிச்சா 3,500, மெயின்டனன்ஸ் 3,000. மொத்தம் 21,200.

எட்டியோஸ் 2018, 2019 மாடல் மார்க்கெட்ல நாலரை லட்சம் வாக்குல போச்சு. 2.5 லட்சம் லோன், பழைய வண்டிங்கிறதால வட்டி 15 சதவீதம், மூணு வருஷம், ட்யூ 8,700. இன்சூரன்ஸ், எஃப்சி வகையறா 3,000, பழைய வண்டினு மெயின்டனன்ஸ் தாராளமா 5,000. மொத்தம் 16,700.

இப்போ எரிபொருள். ஏசி போட்டு சிட்டில எட்டியோஸ் லிட்டருக்கு 18 தரும், டீசல் 92 ரூபா, கிலோமீட்டருக்கு 5.10. டிசையர் கிலோவுக்கு 25 தரும், கேஸ் 90 ரூபா கிட்ட, கிலோமீட்டருக்கு 3.60. வித்தியாசம் ஒன்றரை ரூபா. இவரோட 3,000 கிலோமீட்டருக்கு 4,500 ரூபா சிஎன்ஜில மிச்சம். 21,200-ல 4,500 போனா 16,700. ரெண்டும் சமமா வந்து நின்னுச்சு.

மச்சான் அங்கதான் பிடிச்சுகிட்டாரு, சமம்னா புதுசையே எடுக்கலாமேன்னு. பாக்குறதுக்கு சரியாதான் இருக்கு. ஆனா எட்டியோஸ்ல டீசல் செலவும் மெயின்டனன்ஸும் வண்டி ஓடுனாத்தான் வரும், ஓடலைன்னா வராது. ட்யூ அப்படி இல்ல, வண்டி நின்னாலும் அஞ்சாம் தேதி அக்கவுன்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. ஒரு மாசம் வண்டி சுத்தமா நின்னுச்சுன்னு வச்சுக்கங்க, புது வண்டிக்கு 14,700-ம் 3,500-ம் சேத்து 18,200 கையில இருந்து போகும், எட்டியோஸுக்கு 11,700 போகும். வாடகை வண்டினா அந்த மாசம் ஓனர்கிட்ட சாவியை குடுத்துட்டு வீட்ல உக்காந்துடலாம், சொந்த வண்டில அந்த வசதி போயிடுது. அதனால நல்ல மாசத்துல எவ்வளவு மிச்சம்னு பாத்து வண்டி எடுக்கக் கூடாது, வேலையே இல்லாத மாசத்துல எவ்வளவு கட்டணும்னு பாத்துதான் எடுக்கணும்னு நான் உறுதியா சொன்னேன், இப்பவும் அதையேதான் சொல்றேன்.

இதுவே மாசம் 6,000 கிலோமீட்டர் ஆப்ல ஓட்டுற பையனா இருந்தா சிஎன்ஜில 9,000 ரூபா மிச்சமாகும், அப்போ புது சிஎன்ஜிதான் எடுன்னு நானே தள்ளிவிட்டிருப்பேன். அண்ணனோட ஓட்டத்துக்குத்தான் எட்டியோஸ்.

அண்ணன் கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு, "தம்பி, ரெண்டு மாசம் சவாரியே இல்லேன்னாலும் 11,700 நான் எப்படியாவது பொரட்டிடுவேன், 18,000-னா வட்டிக்குத்தான் போகணும்"னாரு. முடிவு அதுல ஆயிடுச்சு.

பாத்து வேண்டாம்னு விட்ட வண்டிகள்

முதல்ல பாத்தது ஒரு புரோக்கர் கொண்டு வந்த 2018 எட்டியோஸ். மீட்டர்ல 98,000 காட்டுச்சு. மஞ்சள் போர்டு வண்டி ஆறு வருஷத்துல லட்சம் கூட ஓடலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். பிரேக் பெடல் ரப்பர்ல கோடு எல்லாம் அழிஞ்சு ஒரு மூலைல இரும்பு தெரிஞ்சுது, டிரைவர் சீட்ல ஏறி இறங்குற ஓரம் அமுங்கி கெடந்துச்சு, ஸ்டியரிங் மேல் பாதி வழவழன்னு பளபளத்துச்சு. வண்டி நம்பரை வச்சு கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்தோம், 2022-லயே 1,74,000-னு பதிவாகி இருந்துச்சு. மீட்டரை பின்னாடி சுத்தி விட்டிருக்காங்க. வண்டியோட இன்ஜின் மோசம்னு சொல்ல முடியாது, ஆனா எந்த கிலோமீட்டர்ல என்ன மாத்துனாங்கன்னு தெரியாத வண்டிக்கு மெயின்டனன்ஸ் கணக்கே போட முடியாது. விட்டுட்டோம்.

மச்சான் திருப்திக்காக ஒரு 2021 சிஎன்ஜி டிசையரும் பாத்தோம். விலை சந்தை விலையை விட ஐம்பதாயிரம் கம்மி, உள்ள புது சீட் கவர், புது மேட், நல்ல வாசனை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் முடிஞ்சு சில மாசம்தான் ஆகியிருந்துச்சு, வெள்ளத்துல மூழ்குன வண்டிங்க நிறைய மார்க்கெட்டுக்கு வந்துகிட்டு இருந்த நேரம். நான் எப்பவும் பண்றதுதான், டிரைவர் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தேன். வெளிய தெரியுற பாகம் சுத்தமா துவைச்சிருந்தாங்க, கடைசி ஒரு முழம் ரோலருக்குள்ள இருந்து வர்றப்போ பழுப்பா காஞ்ச சேறு கோடு போட்ட மாதிரி ஒட்டியிருந்துச்சு, தேய்ச்சா பொடியா கொட்டுச்சு. அப்புறம் மேட்டை தூக்கி சீட் ரெயில் போல்ட் பாத்தா துரு, டேஷ்போர்டு அடியில கனெக்டர் பின்னுல பச்சை பூத்திருந்துச்சு. அந்த வண்டி அன்னைக்கு நல்லாத்தான் ஓடுச்சு. வயரிங் பிரச்சினை ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு ஒவ்வொண்ணா கிளம்பும், எங்க கிளம்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதையும் விட்டாச்சு.

எடுத்த வண்டி

மே மாசத்துல ஒரு சின்ன டிராவல்ஸ் ஓனர் தன்கிட்ட இருந்த 2019 எட்டியோஸ் டீசலை விக்கிறதா தகவல் வந்துச்சு. ஒரே ஓனர், மீட்டர்ல 2,31,000. அந்த நம்பரை கேட்டதும் அண்ணன் வீட்ல எல்லாருக்கும் முகம் வாடிருச்சு. ஆனா பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்துன பில் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஃபைல்ல இருந்துச்சு, கம்பெனி பதிவும் அதோட ஒத்துப்போச்சு. 98,000-னு பொய் சொல்ற வண்டியை விட 2,31,000-னு உண்மை சொல்ற வண்டி எனக்கு நூறு மடங்கு மேல்.

காலைல நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தோம். போனதும் பானெட்ல கை வச்சு சூடு இல்லைன்னு உறுதி பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணோம், ஒரே சுத்துல எடுத்துச்சு, புகை இல்ல. ஓடிட்டு இருக்கிறப்போவே ஆயில் மூடியை கழட்டி பாத்தோம், லேசா காத்து வந்துச்சு, மூடி குதிக்கல, புகையா தள்ளல. ஸ்கேனர் போட்டு நாலு இன்ஜெக்டர் அளவும் ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்லாம இருந்ததை பாத்தோம். டீசல்ல பெரிய செலவு வைக்கிறது அங்கதான். கிளட்ச் மட்டும் மேல வந்து பிடிச்சுது, இன்னும் ஆறேழு மாசம் தாங்கும்னு சொன்னேன். அதை வச்சே விலையில பத்தாயிரம் குறைச்சு 4.4 லட்சத்துக்கு முடிஞ்சுது.

கையில இருந்து 1.9 லட்சம், லோன் 2.5 லட்சம். பேர் மாத்துற செலவு, இன்சூரன்ஸ், ரெண்டு டயர் எல்லாம் சேத்து 40,000. மீதி 50,000-ஐ தொடவே கூடாது, அது வண்டியோட காசுன்னு அண்ணி தனி அக்கவுன்ட்ல போட்டு வச்சுட்டாங்க. எல்லா முடிவுலயும் எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

இன்னொரு விஷயம் தானா பொருந்தி வந்துச்சு. டாக்ஸி வண்டிக்கு எட்டு வருஷம் ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதுக்கு மேல வருஷா வருஷம். இந்த வண்டிக்கு 2027-ல எட்டு வருஷம் முடியுது, லோனும் 2027-லதான் முடியுது. எஃப்சி செலவு கூடுறப்போ ட்யூ இருக்காது.

பேப்பர்ல நடந்த சிக்கல்

விலை பேசுன அன்னைக்கே அண்ணன் சந்தோஷத்துல 50,000 அட்வான்ஸ் குடுத்துட்டாரு. அப்புறம்தான் ஆர்சில பழைய லோனோட ஹெச்பி, அதாவது வண்டி பைனான்ஸ்காரங்ககிட்ட அடமானத்துல இருக்குங்கிற பதிவு, இன்னும் நீங்காம இருக்கிறது தெரிஞ்சுது. விக்கிறவரு லோனை முடிச்சுட்டாரு, ஆனா பைனான்ஸ்ல இருந்து என்ஓசியும் ஃபார்ம் 35-ம் வாங்காமலே விட்டிருக்காரு. அது இல்லாம ஹெச்பி கேன்சல் ஆகாது, கேன்சல் ஆகாம பேர் மாறாது, புது லோனும் ரிலீஸ் ஆகாது. டாக்ஸிங்கிறதால ஆர்சியோட சேத்து பர்மிட்டையும் தனியா மாத்தணும், அதுக்கு எஃப்சி, இன்சூரன்ஸ், வரி மூணும் உயிரோட இருக்கணும், மேல இருக்கிற செலான் எல்லாம் கட்டியிருக்கணும். விக்கிறவரு நல்ல மனுஷன், அலைஞ்சு வாங்கிக் குடுத்தாரு, ஆனா மூணு வாரம் போச்சு. அந்த மூணு வாரமும் அண்ணன் அட்வான்ஸையும் முடக்கிட்டு, பழைய வண்டிக்கு 900 ரூபா வாடகையும் கட்டிட்டு இருந்தாரு.

இன்சூரன்ஸ்லயும் ஒண்ணு எதிர்பாக்கல. பழைய ஓனர் வருஷக்கணக்கா கிளைம் இல்லாம சேத்து வச்சிருந்த நோ கிளைம் போனஸ் அவரோட உரிமை, வண்டியோட வராது. பேர் மாத்துறப்போ அந்த தள்ளுபடி வித்தியாசத்தை அண்ணன் கட்ட வேண்டி வந்துச்சு. வண்டி கை மாறி 14 நாளைக்குள்ள பாலிசியை மாத்த எழுதிக் குடுக்கணும், இல்லைன்னா நம்ம வண்டி சேதத்துக்கு கிளைம் கேக்கிறப்போ தகராறு வரும், அதை மட்டும் உடனே முடிச்சுட்டோம்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம்

ஜூன் கடைசில வண்டி வீட்டுக்கு வந்துச்சு. ஜூலை நல்லா ஓடுச்சு. ஆகஸ்ட்ல பங்களாதேஷ்ல ஆட்சி கவிழ்ந்து விசா குடுக்கிறது ரொம்ப குறைஞ்சு போச்சு, ஆஸ்பத்திரிக்கு வர்ற கூட்டம் அப்படியே வத்திருச்சு. அண்ணனோட கஸ்டமர்ல பெரிய பங்கு அவங்கதான். செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசமும் ஓட்டம் பாதியா குறைஞ்சுது. நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயலுக்கு ஏர்போர்ட்டையே மூடுனாங்க, முன்னயும் பின்னயும் சேத்து ஒரு வாரம் வேலை இல்ல. அந்த மாசங்கள்ல அவரு ட்யூ ஒரு தடவை கூட தவறல, வட்டிக்கும் வாங்கல, ஆப்ல பகல் சவாரி எடுத்து 8,700-ஐ தேத்திட்டாரு. 14,700-ஆ இருந்திருந்தா தேறியிருக்காதுன்னு நோட்டை பாத்தாலே தெரியுது.

கிளட்ச் டிசம்பர்ல போச்சு, செட் மாத்துனோம், லேபரோட 11,000. மார்ச்ல ஏசி கண்டன்சர் லீக். ரெண்டுமே அண்ணி வச்சிருந்த தனி அக்கவுன்ட்ல இருந்து போச்சு. வருஷ மெயின்டனன்ஸை மொத்தமா பாத்தா மாசம் 5,500 வந்துச்சு, நாங்க போட்டதை விட 500 ரூபா கூட.

சரியான மாசங்கள்ல பழைய வாடகையோட ஒப்பிட்டா எட்டாயிரம் வரைக்கும் கையில நின்னுச்சு. வத்துன மாசங்கள்ல பெருசா மிச்சம் இல்ல, கடனும் இல்ல. கொல்கத்தா, கவுஹாத்தி பக்கம் இருந்து வர்றவங்க மெதுவா கூடி 2025 தொடக்கத்துல ஓட்டம் பழைய அளவுக்கு பக்கத்துல வந்துடுச்சு.

மறுபடி செஞ்சா எதை மாத்தணும்

அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே போன்ல எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரை போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ், பர்மிட், பைனான்ஸ் எல்லாத்தையும் பாத்துடணும், அஞ்சு நிமிஷ வேலை. ஹெச்பி இருந்தா அட்வான்ஸ் அஞ்சாயிரத்துக்கு மேல வேண்டாம், மீதி என்ஓசியை கண்ணால பாத்தப்புறம், அதையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கணும். அண்ணனே இதை இப்போ ஸ்டாண்ட்ல இருக்கிற பசங்களுக்கு சொல்லிட்டு இருக்காரு.

கஸ்டமர் ஒரே பக்கம் இருந்து வர்றது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு வண்டி எடுக்கிறப்போ நாங்க யாரும் பேசல, வண்டியை பத்தியே பேசிட்டு இருந்தோம். ட்யூ கம்மியா இருந்ததால தாங்குச்சு. இப்போ அவரு ரெண்டு கம்பெனியோட வாராந்திர ஏர்போர்ட் ட்யூட்டி பேசி வச்சிருக்காரு.

2 லட்சம் கிலோமீட்டர் தாண்டுன டீசல் வண்டிக்கு மெயின்டனன்ஸ் மாசம் 6,000-னே எழுதிக்கணும், 5,000 பத்தாது. 2027-ல லோன் முடிஞ்சதும் இந்த வண்டியை இன்னும் ஒரு வருஷம் ட்யூ இல்லாம ஓட்டி, அந்த 8,700-ஐ அப்படியே சேத்து வச்சு அடுத்ததுக்கு முன்பணம் ஆக்குறதுன்னு பேசி வச்சிருக்கோம். டிக்கி அடியில ரெண்டு சின்ன சிலிண்டரா வச்சு இடத்தை மிச்சம் பண்ற சிஎன்ஜி வண்டிங்க இப்போ வருது, அதுல ஒண்ணை கொண்டு வந்து நிப்பாட்டி அந்த வீல்சேரும் ரெண்டு சூட்கேஸும் உள்ள போகுதான்னு வச்சு பாத்துட்டுத்தான் அப்போ முடிவு பண்ணணும்.